நோரா சொல்லி முடிக்காத வாக்கியம்

விவேக் நகர் மாதா கோவில் போகிற வழியில் பூக்கடை போட்டிருந்த காந்தாவுக்கு யாரிடமும் எதையும் சும்மா வாங்கிப் பழக்கமில்லை. குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் வேறு குடும்பம் தேடிப்போன பிறகு, இரண்டு கைகளை நம்பியே மகள் தர்ஷினியைப் படிக்க வைத்தாள். மற்ற பூக்காரிகள் முழங்கையை மடக்கி முழத்தைச் சுருக்குவார்கள். காந்தாவின் முழம் மட்டும் முழு முழம். கேட்பவர்களிடம், “என் கையில பொய் கிடையாது” என்பாள்.

2003-இல் மார்க்கெட் சங்கத்துக்காரர்கள் ஆரோக்கியக் கண்காட்சி நடத்தினார்கள். ஷாமியானா, நாற்காலி, பிபி பார்க்கும் மேசை எல்லாம் இருந்தன. வியாபாரிகளுக்குப் பக்கவாதம் பற்றிப் பத்து நிமிஷம் பேச, கோவில் தர்ம ஆஸ்பத்திரியின் நர்ஸ் நோராவை அழைத்திருந்தார்கள்.

நோரா நன்றாகத்தான் பேசினாள். “அக்கா, அண்ணா, திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணுதா? ரெண்டு கையும் தூக்கினா ஒண்ணு மட்டும் கீழே இறங்குதா? பேச்சு குழறுதா? உடனே ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி மூணு மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் உதவும். லக்வா, வாதம்னு சொல்லிப் புறா ரத்தம் தேய்க்கப் போகாதீங்க.”

“புறா பாவம்மா!” என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. நோராவும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“அடுத்தது ரொம்ப முக்கியம். சில பேருக்கு இதெல்லாம் வந்து, கொஞ்ச நேரத்துல தானாவே சரியாயிடும்...”

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. சங்கத் தலைவர் கோவிந்தராஜன் பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார். “போதும்மா, பேச்சு போதும். நம்ம வார்டு கார்ப்பரேட்டர் வந்துட்டாரு!” பிறகு மாலை, நன்றி, இன்னொரு மாலை. நோரா மேடையின் ஓரத்தில் நின்று, மைக் திரும்பக் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. காந்தா கடைக்குத் திரும்பினாள். தானாவே சரியாயிடும் என்ற வார்த்தை மட்டும் மனசில் தங்கிவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை, கோவிலில் நவநாள் ஜெபத்துக்கு வந்த கூட்டம். மல்லிகைச் சரத்தின் நுனியை இடது கையில் பிடித்து முழம் போட்டபோது, சரம் விரலிலிருந்து வழுக்கியது. மறுபடி பிடித்தாள். மறுபடி வழுக்கியது. முழம் அரை முழமாகத்தான் வந்தது.

“என்ன காந்தா, நீயும் ஆரம்பிச்சிட்டியா?” என்றார் வாடிக்கையாளர் ஓஸ்வால்ட். “ஆண்டவர் கோவில் வாசல்லயே கை குட்டையாகுதா?”

“வாங்குங்க ஐயா, கூட ஒரு முழம் போடுறேன்” என்றாள். நாக்கு தடித்தாற்போல் இருந்தது. நோரா சொன்னவை ஞாபகம் வந்தன. இடுப்பில் பணப்பையைச் செருகி, ஆட்டோ பிடிக்க எழுந்தாள். பக்கத்துக் காய்கறிக்கடை ரத்தினம்மாள், “கூடையைப் போட்டுட்டு எங்கடி ஓடுற?” என்றாள். அதற்குள் விரல்கள் பழையபடி மடங்கி விரிந்தன. பேச்சும் தெளிந்தது.

“தானாவே சரியாயிடும்னு நர்ஸம்மா சொன்னாங்கள்ல, ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டுக் காந்தா மறுபடி உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வரை ஒரு முழமும் குறையவில்லை.

ஞாயிறு காலை விழித்தபோது இடது பக்கம் அவளுடையதாகவே இல்லை. தர்ஷினி ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். “எப்ப வந்தது?” என்று டாக்டர் கேட்டார். ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்தாள் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அப்படியானால் ஊசி போட முடியாது என்றார்.

நோரா பார்க்க வந்தபோது காந்தா தன் வீட்டில் கட்டிலில் இருந்தாள். சொற்கள் குழறினாலும் கேட்டுப் புரிந்துகொள்ளலாம்.

“தானா சரியாயிடும்னு நீதானே சொன்னே?”

நோரா தலைகுனிந்தாள். “அதுக்கப்புறம் ஒரு ‘ஆனா’ இருந்துச்சுக்கா. சரியானாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும், அது பெருசா வரப்போறதுக்கு எச்சரிக்கைன்னு சொல்ல வந்தேன். மைக்கைப் பிடுங்கிட்டாங்க.”

காந்தாவுக்கு நோராவைத் திட்ட வாய் வரவில்லை. திட்டவேண்டிய ஆளும் அங்கே இல்லை.

அந்த ஆள் அடுத்த வருஷம் தானாகவே வந்தார். கோவிந்தராஜன் ஆப்பிள் பையோடு கட்டிலருகே நின்றார்.

“கண்காட்சி வருது காந்தாம்மா. நீங்க மேடையில சும்மா உக்காந்தா போதும். ஜனங்க பார்த்தா விழிப்புணர்வு வரும். பேசவே வேண்டாம்.”

“நோரா எவ்வளவு நேரம் பேசுவா?”

“இந்தத் தடவை கெஸ்ட் நிறைய. அஞ்சு நிமிஷம் தர்றோம்.”

“நான் வரல.”

“ஏம்மா, உங்களைப் பார்த்து நாலு பேர் பிழைச்சா நல்லதுதானே?”

“என்னைப் பார்த்தா பயப்படத்தான் தெரியும். என்ன செய்யணும்னு சொல்லத் தெரிஞ்சவளுக்கு நீங்க நேரம் தரலியே.”

தலைவருக்குக் கோபமில்லை. ஆப்பிளை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

“சரி விடுங்கம்மா. நம்ம மார்க்கெட்லயே உங்கள மாதிரி இன்னும் ரெண்டு பேர் ஆயிட்டாங்க. அவங்கள்ல ஒருத்தரைக் கேட்டுப் பாக்குறேன்.”