சர்நேம் கட்டத்தில் யார் பெயர்?

கோவை விமான நிலையத்தில் கவுண்டர் மூட முக்கால் மணி நேரம் இருந்தபோது, என்னை ஏற்ற முடியாது என்றாள் அங்கிருந்த பெண். ஷார்ஜாவில் மறுநாள் காலை என் மகளுக்கு ஆபரேஷன், தலைப்பிரசவம். பக்கத்தில் இருக்க என்னைத் தவிர வேறு பெண் துணை இல்லை.

"பாஸ்போர்ட்ல உங்களுக்கு ஒரே பேருதானுங்க மேடம். சர்நேம் காலியா இருக்கு. ஒத்தப் பேரோட விசிட் விசாவுல போனா அங்க உள்ள விடமாட்டாங்க."

"எங்களுக்கு சர்நேமெல்லாம் கெடையாதுங்க அம்மணி. இனிஷியல்தான்."

பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். விரித்தால் ஊரே என்னை அந்த ஆண் பெயரில் கூப்பிடும் என்று நினைத்து, கட்டத்தைக் காலியாக விட்டது நான்தான். நல்ல புத்தி!

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இங்க அப்பா பேரு இருக்குங்களே. அது போதும். விசாவும் அப்பா பேரோடதான் வந்திருக்கு. ஆனா டிக்கெட்டுல வேற யாரோ இருக்காங்க."

அந்த வேறு யாரோ என் கணவர். விசாவுக்கு எழுதிப் போட்டவள் மகள். டிக்கெட் எடுத்தவள் நான். சரவணம்பட்டி ஏஜென்ட் சர்நேம் கேட்டபோது, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொண்ட என் இனிஷியலை விரித்துச் சொல்லிவிட்டேன். மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள்.

டிக்கெட்டை ஏஜென்ட்தான் திருத்த வேண்டுமாம். அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான்காவது முறை எடுத்தார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே ஊட்டுக்காரர் பேரைச் சொன்னீங்க?"

"சொன்னேனுங்க, தப்புத்தானுங்க. அதை எடுத்துப்போட்டு எங்கப்பா பேரைப் போடுங்க. சீக்கிரமுங்க!"

ஸ்பெல்லிங் கேட்டார். முப்பது வருடமாக என் பெயரோடு சேர்த்து நான் எழுதாத பெயர். நடுவில் எச் உண்டா, இல்லையா? கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். இனிஷியலை மாற்றிய வாரம் அப்பா சிரித்துக்கொண்டே, "அப்ப இனி நீ என்ற புள்ளை இல்லீங்களா அம்மணி?" என்று கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. அன்று நானும் சிரித்துத் தொலைத்தேன். இன்று அவர் இல்லை.

கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கையில் அவள் திரை மாறியது. போர்டிங் பாஸ் வெளியே வந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயர், எச்சோடு.

வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கணவர் போனில் கேட்டார். "முடிஞ்சுதா? தனியாப் போயிருவியா?"

"தனியா இல்லீங்க," என்றேன். "எங்கப்பா கூட வாராருங்க."