மூன்றாம் ஆள் களையைப் பற்றிப் பேசவில்லை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெல் லாரியில் கிளீனராக ஏறி, அதையே ஓட்டி, பிறகு அதையே வாங்கினேன். இன்றைக்கு என் அறுவடை மெஷின்கள் சீர்காழி வரைக்கும் போகின்றன. எங்கள் பக்கத்து உழவர்கள் பங்கு போட்டு நடத்துகிற கம்பெனிக்கு நான்தான் தலைவர். படித்தவன் எவனும் என்னை எதிர்த்து நிற்கவில்லை. நின்றிருந்தால் தோற்றிருப்பான்.

என் மருமகன் படித்தவர். சென்னையில் வேலை போய், என் மகளோடு தஞ்சாவூருக்கு வந்து என் வீட்டு மாடியில் இருந்தார். கம்பெனிக்கு மேனேஜராக வைத்துக்கொண்டேன். குறுவைக்கு முந்தின டைரக்டர் கூட்டத்தில் அவர் வேலையை நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. அது கிடைத்தால் தனியாக ஒரு வீடு பார்க்கலாம் என்று என் மகள் காத்திருந்தாள்.

அந்தக் கூட்டத்தில் முடிவாக வேண்டிய விஷயம் வேறு ஒன்றும் இருந்தது. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. நாற்று விடாமல், காய்ந்த வயலிலேயே மெஷின் வைத்து நெல்லை நேரடியாக விதைத்துவிடலாமா என்று டைரக்டர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விவசாய பாட்காஸ்ட் ஒன்றில் இதைப் பற்றியே நாலு பேர் நாலு எபிசோடில் பேசியிருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற விவசாய அதிகாரி. இரண்டாமவர் வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரர். மூன்றாமவர் திருவாரூர்ப் பக்கத்துப் பெரிய விவசாயி. நாலாமவர் மருந்தே அடிக்காத இயற்கை விவசாயி. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். டைரக்டர்கள் எவரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள்.

"நாலு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி ஒரே தாள்ல காட்டுங்க மாப்பிள்ளை. யார் எதுக்கு என்ன சொல்றாங்கன்னு பாத்தவுடனே தெரியணும்" என்றேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் தாள் வந்தது. நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலே நாலு பேர். இடப்பக்கம் விதை அளவு, தண்ணீர், களை, ஆள் கூலி, விளைச்சல். யாருடைய வயல் மணல், யாருடையது களிமண், யாருக்கு போர்செட், யாருக்கு ஆற்றுத் தண்ணீர் என்றுகூட ஒரு வரிசை. களைக்கு அதிகாரி, விதைத்த சில நாளுக்குள் மருந்து அடித்தே ஆக வேண்டும் என்கிறார். கடைமடைக்காரர், நடவில் மிச்சம் பிடித்த கூலி களை எடுப்பதில் போய்விட்டது என்கிறார். இயற்கைக்காரர், வரிசையாக விதைத்து நடுவில் களையெடுக்கும் உருளை ஓட்டச் சொல்கிறார். மூன்றாமவர் கட்டத்தில் மட்டும் "களை ஒரு பிரச்னை இல்லை" என்று இருந்தது.

எங்கள் மண்ணும் அந்தத் திருவாரூர்க்காரர் மண்ணும் ஒரே களி. டைரக்டர்கள் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அதை நம்பி மருந்துக்கு ஏற்பாடு செய்யாமல் விதைத்தால் குறுவையில் கோரைதான் அறுக்க வேண்டும்.

தாளைப் படிப்பதை விடக் காதால் கேட்பதில் நான் கெட்டி. லாரி ஓடுகிற சத்தத்திலேயே எந்த போல்ட் கழன்றது என்று சொன்னவன். அந்த எபிசோடை காரில் போகும்போது முழுக்கக் கேட்டேன். பேட்டி எடுக்கிற பெண், "அப்ப களை ஒரு பிரச்னை இல்லைன்னு எடுத்துக்கலாமாய்யா?" என்று கேட்கிறது. அவர் "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, "தண்ணிதான் பாருங்க..." என்று வேறு பக்கம் போய்விடுகிறார். கடைசி வரைக்கும் களை என்கிற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. பேட்டிக்காரியின் கேள்வியை அவருடைய பதிலாக எழுதியிருக்கிறார் மருமகன்.

நம்பர் பிடித்து அவருக்கே போன் போட்டேன்.

"களையா? அதை ஆரம்பிச்சா அழுகைதான் வரும். அதான் பேசலை" என்றார்.

அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்கலாம். மாடிக்கு ஒரு குரல் கொடுத்தால் போதும். சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் திருத்திக்கொண்டு மறந்துபோவார். சபையில் சொன்னால் மறக்க மாட்டார்.

கூட்டத்தில் அவர் அழகாகப் பேசினார். டைரக்டர்கள் தலையாட்டினார்கள். நாச்சியார்கோவில் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "தலைவரே, மாப்பிள்ளையைத் தங்கமா புடிச்சிருக்கீங்க" என்றார்.

"அப்படியா? மாப்பிள்ளை, நாலையும் நீங்களே முழுசா கேட்டீங்களா?" என்றேன்.

அவர் ஒரு நொடி தாளைப் பார்த்தார். "கேட்டேன் மாமா."

"மூணாவதையும்?"

"கேட்டேன்."

மருமகனை நீ என்று கூப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஒரு மரியாதைக் குறைவான சொல்கூட அன்றைக்கு என் வாயிலிருந்து வரவில்லை. போனை மேஜை மேல் வைத்து அந்த இடத்தை ஓடவிட்டேன். கேள்வி வந்தது. "ம்" வந்தது. தண்ணீர் வந்தது.

"களை எங்கங்க மாப்பிள்ளை? எனக்கு வயசாயிடுச்சு, காதுல விழலை. நீங்க கொஞ்சம் காட்டுங்க."

மறுபடி ஓடவிட்டேன். இன்னொரு தடவையும். ஒரு டைரக்டர் சிரித்துவிட்டார். "என் பொண்டாட்டிகூடத்தான் நான் சொல்றதுக்கெல்லாம் ம் போடுறா. அதை நம்பி நான் சொத்தை எழுதி வைக்கலாமா?" சபை முழுக்கச் சிரித்தது.

மருமகன் நின்றுகொண்டே இருந்தார். "என் தப்புதான் மாமா" என்றார்.

"தப்பெல்லாம் இல்லீங்க. படிச்சவங்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயம். நீங்க உட்காருங்க, களைச்சுப் போயிருப்பீங்க" என்றேன்.

களை மருந்தும் தெளிப்பதற்கு ஆளும் கையில் வந்த பிறகுதான் விதைப்பு என்று முடிவு செய்தோம். வேலை நிரந்தரம் என்கிற பேச்சை நானும் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்தால் மகள் கூடத்தில் நின்றாள். அவர் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"மூணாவது எபிசோடை அவர் கேட்கவே இல்லைப்பா. நான் கேட்டு எழுதிக் கொடுத்தேன். குழந்தையைத் தூங்க வெச்சுக்கிட்டே கேட்டேன். யார் குரல்னு கவனிக்கலை."

"அப்ப கேட்டேன்னு ஏன் சொன்னார்?"

"என் பேரை அந்தச் சபையில இழுக்க வேணாம்னுதான்."

"அப்படின்னா தப்பு ரெண்டாச்சு. கேட்காததைக் கேட்டேன்னு சொன்னது இன்னொண்ணு."

இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அந்தக் குறுவையில் மருந்து ஏற்பாடு இல்லாமல் விதைத்த ஊர்களில் பயிரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் வயல்கள் தப்பின. என் காதால் தப்பின. அதற்குப் பிறகு கம்பெனியில் எந்தப் பேச்சைச் சுருக்கினாலும், எத்தனையாவது நிமிஷத்தில் யார் வாயால் சொன்னது என்று பக்கத்தில் எழுத வைத்திருக்கிறேன். சொல்லாததற்கு "பேசவில்லை" என்றுதான் எழுத வேண்டும். வெற்றிடத்தை நிரப்பக் கூடாது.

அன்றைக்குச் சாயங்காலமே கார் வந்து நின்றது. மருமகன் என்னிடம் "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். மகள் குழந்தையோடு கடைசியாக வந்தாள்.

"ரெண்டு வருஷமா உங்க கம்பெனிக்கு அவர் ஓடினார். இன்னிக்கு அத்தனை பேர் முன்னால அவர் தப்பை மூணு தடவை போட்டுக் காட்டுனீங்க. அவர் செஞ்ச நல்லதுன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கட்டத்துல நான் என்னப்பா எழுதிக்கட்டும்?"

"பேசவில்லைன்னு எழுதிக்க" என்றேன்.

அவள் தலையாட்டினாள். காரின் கதவை அவளே சாத்திக்கொண்டாள். இப்போதும் போன் செய்கிறாள், அவள் அம்மாவுக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். அவள் சொல்வதற்கெல்லாம் என் மனைவி "ம்" போடுவது கேட்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பற்றி இதுவரைக்கும் ஒரு வார்த்தையும் வரவில்லை.