ஆறு மணி மாத்திரை

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குப் பல வருடமாக ஒரு மனத்தாங்கல். கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜும் குழாய் வெட்டியும் வைக்கவென்று அவரே துளை போட்டு மாட்டிய அலமாரியில் இப்போது மனைவியின் பதினோரு பிள்ளை வளர்ப்புப் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அந்தப் பதினோரு புத்தகங்களிலும் அப்பா என்று வருகிற ஆள் கத்துகிறவனாகவே வருகிறான், அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் சாப்பிடும்போது மனைவி வாசித்துக் காட்டுவாள். அம்மா பொறுமையாக என்ன செய்யலாம் என்று நாற்பது பக்கம் இருக்கும். அப்பாவுக்கு ஒரு வரி: குரலை உயர்த்தாதீர்கள். எழுதினவன் ஒருத்தனாவது நம் வீட்டுக்கு வந்து, காலையில் ஒரு செருப்பைத் தேட அரைமணி நேரம் எடுக்கிற பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிப் பார்த்திருக்கிறானா என்று கேட்பார். மனைவி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

அவள் ஆயத்த ஆடை ஆலையில் தரம் பார்ப்பவள். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் தையல் எங்கே தவறியது என்று விரல்தான் முதலில் சொல்லும், கண் பிறகு வரும். படிப்பது பிடிக்கும், பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டார்கள். பழைய புத்தகக் கடையில் பிள்ளை வளர்ப்பு என்று எது கிடந்தாலும் வாங்கிவருவாள். பக்கத்துக்குப் பக்கம் நூல் வைத்து அடையாளம் செய்வாள்: மருந்து பற்றி என்றால் சிவப்பு, பள்ளிக்கூடம் என்றால் நீலம், வீட்டில் செய்ய வேண்டியது என்றால் மஞ்சள். அலமாரிப் பக்கம் போனால் பதினோரு தாடி தொங்குவதுபோல் இருக்கும்.

பிள்ளைக்கு ஒன்பது வயது. தெருவில் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். பம்பரமாவது சுற்றி முடித்தால் விழுந்து படுக்கும், இவள் படுக்க மாட்டாள். கணக்கில் பாதிவரை சரியாகப் போட்டிருப்பாள், மீதிப் பாதியில் பூனை வரைந்திருப்பாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து, வேறு கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பாள். கெட்ட பிள்ளை இல்லை. அது மெக்கானிக்குக்குத் தெரியும். கத்தும்போதும் தெரியும்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மெக்கானிக்கின் அக்கா, "நாலு போடு போட்டா எல்லாம் அடங்கும் தம்பி. உன்னை நான் வளர்க்கலையா?" என்றாள். "அப்படி வளர்த்துத்தான் இப்படி இருக்கேன்" என்றார் இவர். தாடிக்காரர் படம் போட்ட ஒரு புத்தகம் சர்க்கரையையும் பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஒரே மாதத்தில் சரியாகும் என்றது. இன்னொன்று மாத்திரை விஷம் என்றது. மூன்று டாக்டர்கள் சேர்ந்து எழுதிய ஒன்று மட்டும் சில பிள்ளைகளுக்கு, பெரும்பாலும், உறுதியாகச் சொல்ல முடியாது என்று இழுத்து இழுத்துப் பேசியது. "இவனுக்கே தெரியலையே, எதுக்குப் புத்தகம் போட்டான்?" என்று அதைத்தான் மெக்கானிக் அதிகம் திட்டினார்.

பிள்ளைகள் மனநல டாக்டர் ஓர் இளம்பெண். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொன்னாள், தூக்கம் எப்படி என்று கேட்டாள். வீட்டுக்கு ஒரு படிவம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு படிவம் கொடுத்து நிரப்பி வாங்கினாள். எப்படிப் பேசினால் பிள்ளை கேட்கும் என்று பெற்றோருக்கு ஆறு வகுப்பு எடுத்தாள். மெக்கானிக் இரண்டுக்குப் போனார். "செருப்பு போடு, பையை எடு, தண்ணி பாட்டில் எங்க" என்று மொத்தமாகக் கொட்டாமல் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றது. ஆச்சரியமாக அது வேலையும் செய்தது. ஆனால் வகுப்பறையில் அது போதவில்லை. அதன் பிறகுதான் டாக்டர் கவனம் நிற்பதற்கென்று சின்ன அளவில் மாத்திரை எழுதி, நான்கு வாரம் பார்க்கலாம் என்றாள்.

நான்கு வாரத்துக்கு முன்பே பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வகுப்பாசிரியை நிரப்பி அனுப்பிய படிவத்தில் மேலிருந்து கீழ்வரை "மாற்றம் இல்லை". கூடவே தலைமையாசிரியையின் இரண்டு வரி: மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருக்கிறது, அடுத்த பருவத்துக்கு வேறு பள்ளி பார்த்துக்கொள்ளவும். திங்கட்கிழமைக்குள் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

அது மூன்றாவது பள்ளிக்கூடம். நான்காவதற்குப் போக அந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் வீட்டுக்கு வந்தபோது மனைவி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே பிள்ளை எதற்கோ வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"நிறுத்திடப் போறேன்" என்றாள். "மாத்திரை விஷம்னு அந்தப் புத்தகம் சொன்னது சரிதான். சாப்பாடு இறங்கல, சாயங்காலம் ஆனா முன்னைவிட மோசம், ஸ்கூல்லயும் ஒண்ணும் மாறல. என்னத்துக்கு?"

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோமில்ல?"

"போய் என்ன சொல்றது? அவங்க அளவைக் கூட்டுவாங்க. பிள்ளையைப் பாருங்க, குச்சியா இருக்கு."

"குச்சியா இல்லாம? பால் கிடையாது, பிஸ்கட் கிடையாது, ரொட்டி கிடையாது. மீன் எண்ணெய் வேற. பசியில நான்கூட வீறிடுவேன்."

"நீங்க பசி இல்லாமலே வீறிடுவீங்க."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. கத்தத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது தொழில் பேச்சு. "இந்தா பாரு. ஒருத்தன் ஃபிரிட்ஜ் கூலிங் இல்லேன்னு கூப்பிடறான். நான் போறதுக்குள்ள கேஸ் ஏத்தி, தெர்மோஸ்டாட் மாத்தி, பிளக்கையும் மாத்தி வெச்சிருக்கான். அப்புறமும் ஓடல. எதுல கோளாறுன்னு நான் எதைப் பார்த்துச் சொல்றது? நீ மாத்திரை ஆரம்பிச்ச அன்னிக்கே சாப்பாட்டையும் மாத்தின, எண்ணெயும் ஊத்தின, சுவத்துல அட்டவணையும் ஒட்டின. இதுல எது கெடுத்துச்சு, எது கொடுத்துச்சு?"

அவள் மாத்திரை அட்டையை மேசையில் வைத்தாள். பிறகு தரம் பார்க்கிறவளின் குரலில் கேட்டாள். "சரி. மாத்திரையை மட்டும் எடுத்துக்குவோம். தினமும் எத்தனை மணிக்குக் கொடுக்கறீங்க?"

அவளுடைய ஆலைப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு. மாத்திரை கொடுப்பது அவர் பொறுப்பு. ஆறேகாலுக்கு அவரும் குளிர்பதனக் கிடங்குக்குக் கிளம்பிவிடுவார். அங்கே தினமும் காலையில் இயந்திரங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு வேன் வரும்வரை பிள்ளை கீழ்வீட்டு அம்மாவிடம். அந்த அம்மா சாப்பாடு கொடுப்பார். மாத்திரையை மட்டும் வேறு கையில் கொடுக்கக்கூடாது, பூட்டி வைத்துப் பெற்றவர்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"ஆறு மணிக்கு" என்றார். "எழுப்பி, வாயில போட்டு, தண்ணி கொடுத்துட்டுத்தான் போறேன். ஒருநாள்கூடத் தவறல."

அவள் மூன்று டாக்டர்கள் எழுதின புத்தகத்தை இழுத்தாள். சிவப்பு நூல் வைத்த பக்கம். விரலை வைத்து வாசித்தாள். இந்த வகை மாத்திரை அரைமணி முதல் ஒருமணிக்குள் வேலை செய்யத் தொடங்கும், மூன்று நான்கு மணி நேரம் நிற்கும், பசியைக் குறைக்கும், ஆகையால் காலை உணவோடு அல்லது உணவுக்குப் பின் கொடுப்பது நல்லது.

"ஆறு" என்று விரல் மடக்கினாள். "ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஸ்கூல் ஆரம்பிக்கிறதே ஒன்பதுக்கு. ஒன்பதரை வரைக்கும் அசெம்ப்ளி."

"வகுப்பு டீச்சர் எப்ப வராங்க?"

"மத்தியானம். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அவங்க பாடம்."

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வாரத்துக்கு முன் வேன் டிரைவர் தெருமுனையில் அவரை நிறுத்திச் சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "அண்ணே, பாப்பா இப்பெல்லாம் என்னமா உக்காந்து வருது! முன்னெல்லாம் ஜன்னல்ல பாதி, உள்ள பாதி. இப்ப மத்த பிள்ளைகளோட பையைக்கூட எண்ணி வைக்குது." நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தார். வேன்காரன் பேச்சுத்தானே என்று வீட்டில் சொல்லவில்லை.

இப்போது சொன்னார்.

மனைவி அவரையே பார்த்தாள். "அப்ப மூணு வாரமா நாம வேனுக்கு மருந்து கொடுத்திருக்கோம்."

சிரிப்பு வர வேண்டிய பேச்சு. இருவருக்கும் வரவில்லை. பிள்ளை அழுது ஓய்ந்து, வெளியே வந்து, "பசிக்குது" என்றது. மனைவி எழுந்து பாலைக் காய்ச்சினாள், சர்க்கரையும் போட்டாள்.

சனிக்கிழமை டாக்டர் எடை பார்த்தாள். ஒரு கிலோ குறைந்திருந்தது. நாடியும் இரத்த அழுத்தமும் சரியாக இருந்தன. நடந்ததைக் கேட்டுவிட்டு, "நேரத்தை நான் தெளிவா எழுதியிருக்கணும், காலைன்னு மட்டும் எழுதிட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள். அது மெக்கானிக்குக்குப் பிடித்தது. எரிச்சல் மட்டும் தீரவில்லை.

"மாத்திரை வேலை செய்யுதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"வேன் டிரைவர் சொல்றார். நான் இன்னும் சொல்லல. எட்டு மணிக்கு, வயிறு நிறையச் சாப்பிட்டதும் கொடுங்க. காலைப் பாடம் எடுக்கிற டீச்சர் ரெண்டு வாரம் பார்த்து எழுதட்டும். மத்தியானத்துக்கு இன்னொண்ணு வேணுமான்னு அப்புறம் பேசலாம். அளவை இப்பக் கூட்ட மாட்டேன். சாப்பாட்டை எதுவும் நிறுத்தாதீங்க. மீன் எண்ணெயால பெருசா பலன் இல்ல, விட்டுடுங்க. சுவத்து அட்டவணையும் ஒவ்வொண்ணா சொல்றதும் நல்லது, தொடருங்க. மருந்து வேகம் குறையுற நேரம் சில பிள்ளைங்க சிடுசிடுப்பாங்க. எத்தனை மணிக்குன்னு குறிச்சுட்டு வாங்க."

"இதெல்லாம் செஞ்சா சரியாயிடுமா?"

"சரியாயிடும்னு சொல்ற புத்தகத்தை மட்டும் நம்பாதீங்க" என்றாள் டாக்டர்.

திங்கட்கிழமை மனைவி அரைநாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியை முதலில் முகம் கொடுக்கவில்லை. "நாற்பத்தாறு பிள்ளைங்க இருக்காங்கம்மா, உங்க பொண்ணு ஒருத்திக்காக டீச்சர் படிவம் நிரப்பிட்டு இருக்க முடியுமா?" இவள் டாக்டரின் கடிதத்தை மேசையில் வைத்தாள். மூன்று வாரமும் மாத்திரை எந்நேரத்தில் விழுந்தது, எந்நேரத்தில் தீர்ந்தது, வகுப்பாசிரியை எந்நேரத்தில் வகுப்புக்குள் நுழைந்தார் என்று கட்டம் போட்டு எழுதிய தாளையும் வைத்தாள். பழியை யார் மேலும் போடவில்லை. தவறு எங்கள் வீட்டில் நடந்தது என்று அவளே சொன்னாள். தலைமையாசிரியை தாளை இரண்டு தடவை பார்த்தார். இரண்டு வாரம் என்றார். முதல் வரிசையில், ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார வைக்கிறேன் என்றார். அதற்குமேல் வாக்குத் தர முடியாது.

சாயங்காலம் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மெக்கானிக், "எட்டு மணிக்கு யார் கொடுக்கறது?" என்றார். தெரிந்துகொண்டேதான் கேட்டார். அவளுடைய பேருந்து நேரம் மாறாது, ஆலையில் ஒரு நிமிடம் தாமதமானாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள். கிடங்குக் காலை வேலை அவர் ஆறு வருடம் அலைந்து பிடித்தது. எட்டு மணிக்கு மேல் வந்தால் அவர்களுக்கு வேறு ஆள் உண்டு. "உங்க அம்மா வந்து இருக்க மாட்டாங்களா? ஸ்கூல்ல கொடுக்க மாட்டாங்களா? வேன்காரன்..." என்று சொல்லிக்கொண்டே போனவர், வேன்காரன் என்றதும் தானே நிறுத்திக்கொண்டார்.

அவள் அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். கையில் எந்தப் புத்தகமும் இல்லை.

"ரெண்டே வாரம்" என்றாள். "கிடங்குக்காரங்ககிட்ட நாளைக்கே பேசிடுங்க. எட்டு மணி வரைக்கும் வீட்ல இருங்க. சாப்பாட்டை வெச்சுட்டுப் போயிடாதீங்க. அவ பக்கத்துல உக்காந்து, முழுசா சாப்பிட்டு முடிக்கிறதைப் பார்த்துட்டு, அப்புறம் மாத்திரையைக் கொடுங்க."