டபராவில் நின்ற விரல்கள்

அன்னம்மாளின் கையை நான் நான்கு வருடங்களாக அழித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெங்களூர் தொம்மலூரில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டுடியோ. இணையக் கடைகளுக்காகப் பாத்திரங்களைப் படமெடுப்போம். கரண்டியும் சல்லடையும் தாமாக நிற்குமா? யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீராம்புரத்திலிருந்து பெருக்கித் துடைக்க வந்த அன்னம்மாளைத்தான் ஒருநாள் முதலாளி ரகுராம் சார் பிடிக்கச் சொன்னார். சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது அந்தக் கை. அன்றிலிருந்து துடைப்பமும் அவர்தான், கையும் அவர்தான். சம்பளம் மட்டும் துடைப்பத்துக்கு.

ஒவ்வொரு பொருளையும் இரண்டு முறை பிடிப்பார். முதலில் ஓரிடத்தில், பிறகு விரல்களை மாற்றி வேறிடத்தில். கேமரா அசையாது. முதல் படத்தில் பொருளின் விளிம்பைச் சுற்றிக் கம்ப்யூட்டரில் கோடு போட்டு, கையை மாஸ்க்கால் மறைப்பேன். விரல்கள் மூடியிருந்த பகுதியை இரண்டாம் படத்திலிருந்து எடுத்து ஒட்டுவேன். பொருள் மட்டும் மிஞ்சும். எவர்சில்வரில் கறை விழும் என்று அன்னம்மாள் வேலை நாட்களில் கையில் எண்ணெய்கூடத் தடவமாட்டார். குளிர்காலத்தில் விரல்கள் வெடித்திருக்கும். அதையும் நான்தான் பார்ப்பேன், வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?

வேலை முடிந்ததும் என் பின்னால் வந்து நின்று, கை மறைவதை வேடிக்கை பார்ப்பார். "இளா, எங்கம்மா போச்சு என் கை? மந்திரவாதிடி நீ" என்று சிரிப்பார். எதிர்வீட்டு குளோரியாவிடம் போனில் கரண்டியைக் காட்டி, "இத நான்தான் புடிச்சேன்" என்பாராம். "கரண்டிதான் தெரியுது, நீ எங்க?" என்று அவள் கேலி செய்வாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

போன மாதம் ஒரு பாத்திரக் கம்பெனியிலிருந்து டபரா செட் ஒன்று வந்தது. காபி ஆற்றுவதுபோல் டம்ளரைச் சாய்த்துப் பிடித்த கையோடு படம் வேண்டும் என்றார்கள். அன்னம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சிவப்புக் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"நகம் ஓகேவா பாரு. தெருவுல அத்தன பேரும் பாப்பாங்க" என்று என்னிடம் கையை நீட்டினார். படம் அத்தனை அழகாக வந்தது. வழக்கம்போல இரண்டாம் பிடியையும் சார் எடுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து வீணா என்ற பெண் போன் செய்தாள். சார் ஸ்பீக்கரில் போட்டார். "ஹேண்ட் கொஞ்சம் ஏஜ்டா இருக்கு சார். நம்ம பிராண்டுக்கு செட் ஆகாது. கைய எடுத்துடுங்க, டம்ளர் அந்தரத்துல நிக்கட்டும்." நிறத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாய் துடித்தது. சார் வாயில் விரல் வைத்து என்னை அடக்கினார். அன்னம்மாள் அங்கேதான் தரை துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அன்று கோடு போட என் கை வரவில்லை. ஆனாலும் போட்டேன். சாய்ந்த டம்ளரின் விளிம்போடு, தோலின் நிறம் ஒட்டாதபடி ஒரு நூல் உள்ளே தள்ளி. வளையல் போனது, மணிக்கட்டு போனது, கடைசியில் விரல்களும் போயின. கீழே இருந்த டபராவின் பளபளப்பில் மட்டும் அவை பிம்பமாக நின்றன. நான்கு விரல்கள், வளைந்து, சிவப்பாய் ஒரு வளையல் கீற்றோடு. அதையும் துடைத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். நான் துடைக்கவில்லை. கிடக்கட்டும், இந்தப் படத்திலாவது அவர் இருக்கட்டும் என்று சேமித்துவிட்டேன்.

அன்னம்மாள் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"சுத்தமா எடுத்துட்டியே" என்றார். பிறகு குனிந்தார். "ஸ்வல்ப இரு. டபராவுல என் விரலு நிக்குது பாரு. மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. வேணும்னுதான் விட்டேன். யாருக்கும் தெரியாது."

அவர் வளையல் போட்ட கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"யாருக்கும் தெரியாதுன்னா அது இருந்து இன்னாடி பிரயோஜனம்? அவங்க திருப்பி அனுப்புவாங்க, சார் உன்னத்தான் திட்டுவாரு. எடுத்துடு கண்ணு."

"தெருவுல கேப்பாங்களேக்கா?"

"போட்டோ சரியா வரலன்னு சொல்லிக்கிறேன்."

பக்கத்திலிருந்த பளபளப்பை எடுத்து அந்த விரல்களின்மேல் ஒவ்வொன்றாகப் பூசினேன். கண்ணீர் மறைத்ததால் கடைசி விரலின் நுனி கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அன்னம்மாள்தான் திரையைத் தொடாமல் சுட்டிக் காட்டினார்.