இருவர் போட்ட உரம்

அம்மா இறந்தபின் மொட்டை மாடி ரோஜாத் தொட்டிகளைத் தையல்கடை வைத்திருந்த அக்காதான் கவனித்தாள். வீட்டைப் பங்கு பிரித்ததில் மனம் கசந்து, கீழ்வீட்டில் இருந்த தன் தம்பியோடு அவளுக்குப் பேச்சே நின்றுபோயிருந்தது. அம்மா செய்தபடியே, பூக்கும் காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் உரம் கரைத்து ஈர மண்ணில் ஊற்றினாள்.

அப்படியும் இலை ஓரங்கள் கருகின. மண் ஈரமாக இருந்தும் செடிகள் துவண்டன. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உரம் கூடினால்தான் இப்படி ஆகும். அன்று கடைக்குப் போகாமல் அவள் குழம்பி நிற்கையில் தம்பி உரப்பையோடு படியேறி வந்தான்.

"நீயும் போடுறியா?"

"நீ கடைக்குப் போனதும், வாரா வாரம் ஒரு கைப்பிடி. செடிய யாரும் கவனிக்கலன்னு நெனச்சேன்க்கா."

அவளுக்குக் கோபம் வரவில்லை. "பைய கீழ வை. குழாயைத் திற."

உப்பைச் சுரண்டியெடுத்து, தொட்டியின் அடியில் வழிந்தோடும்வரை திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டார்கள். புதுத்துளிர் வரும்வரை உரமே வேண்டாம் என்று முடிவானது. இரண்டு செடிகள் பிழைக்கவில்லை. மற்றவை துளிர்த்ததை முதலில் பார்த்த தம்பி, அவள் கதவைத் தட்டி, "அக்கா, வந்து பாரேன்" என்றான்.