வட்டி நம்முடையது, வரி அவளுடையதா?

என் நாத்தனாரை எல்லாரும் ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவோம். தையல் தொழில், ஒல்லிக்குச்சி உடம்பு, வேறென்ன பெயர் வைப்பது? எங்கள் மகளிர் சேமிப்புக் குழுவுக்கு அவள்தான் பொருளாளர். பணத்தை வாங்குவாள், எண்ணுவாள், ரசீது கொடுப்பாள், கிளம்பிவிடுவாள். பேச்சு மட்டும் வராது. நான் டீக்கடைக்காரி. நான் வாயை மூடினால் கடையை மூட வேண்டியதுதான்.

பால் சேகரிக்கிற நிலையத்தின் பின்னறையில்தான் எங்கள் கூட்டம். காலி பால் கேன்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வோம். அன்றைக்கு வருஷ வட்டியைப் பங்கு பிரிக்கிற நாள் என்பதால் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்திருந்தோம். ஊசி எழுந்து நின்று, “ரெண்டு நிமிஷம் பேசணும்” என்றதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

“பேங்க்ல நாம போட்டிருக்கிற டெபாசிட்டு வட்டிக்கு வரி உண்டு,” என்றாள், முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே. “வட்டி ஒரு அளவைத் தாண்டினா, பேங்க்லயே வரியைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் தருவாங்க. டெபாசிட்டு என் பேர்ல இருக்கு. அதனால அந்த வட்டி என் வருமானம்னு கணக்காகுது. குழு பேர்ல ஒரு வரி எண் வாங்கி, டெபாசிட்டையும் குழு பேருக்கு மாத்திடணும். அப்போ வரியும் குழுவோடதாகும். அதிகமாப் பிடிச்சிருந்தா, வருஷக் கணக்கைக் காட்டித் திரும்பக் கேட்கலாம். இந்த வருஷப் பங்கு கொஞ்சம் குறைச்சலா இருக்கும். யாரும் தப்பா நினைக்காதீங்க.”

டெபாசிட் அவள் பெயருக்குப் போன கதை இதுதான். போடப் போனபோது பேங்கில் குழுவின் பதிவுச் சான்றும் வரி எண்ணும் கேட்டார்கள். எங்களிடம் ரெண்டும் இல்லை. தையல் கடைக்காக ஊசி ஒரு வரி எண் வாங்கி வைத்திருந்தாள். யாராவது ஒருத்தர் பெயரில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பால்காரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புதுக் கதவு போடுவதற்கு இந்தப் பங்கை நம்பித் தச்சரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

“மூணு வருஷமா முழுசா வந்துச்சே. இந்த வருஷம் மட்டும் எங்கேருந்து வந்துச்சு வரி?”

ஊசி தரையைப் பார்த்தாள். என் புருஷனின் தங்கச்சியாயிற்றே, யாராவது ஏடாகூடமாக ஒரு வார்த்தை விட்டால் என்ன செய்வேனோ என்று எனக்குக் கை பரபரத்தது.

“அப்பவும் பிடிச்சாங்கக்கா,” என்றாள் மெதுவாக. “குறைஞ்சதை நான் போட்டுக் கொடுத்தேன். இப்போ டெபாசிட்டு பெருசாயிடுச்சு. தச்சுத் தச்சுப் பார்த்தேன், கட்டுபடியாகல.”

“அடிப்பாவி!” என்று கத்தியேவிட்டேன். “உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“சொல்ல வாய் வரல அண்ணி. வீடு அவர் பேர்ல. கடை வாடகைக்கு. அந்த டெபாசிட்டு ரசீதுல மட்டும்தான் என் பேரைப் பார்த்தேன். பேரு எனக்கு, வரி உங்களுக்குன்னா எப்படிக் கேட்கிறது?”

பால்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கதவு என்ன ஓடியா போகுது? மொதல்ல இவளோடதைக் கொடுங்க,” என்றாள். ஊசி வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினாள். “நீ பேசின ரெண்டு நிமிஷம் முடிஞ்சுபோச்சு, உட்காரு,” என்று அதட்டினேன். மூன்று வருஷமாக அவள் போட்டதை அந்த வருஷ வட்டியிலிருந்து எடுத்து அவள் கையில் திணித்த பிறகுதான் எங்கள் பங்கைப் பிரித்தோம். போன வருஷம் பிடித்த வரியை அவள் கணக்குத் தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாமாம். வந்தால் அது குழுவுக்கு என்று அவளே சொல்லிவிட்டாள்.

குழுவைப் பதிவு செய்யவும் வரி எண் வாங்கவும் அலைந்த அலைச்சலில் என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன். ஆனாலும் வேலை முடிந்தது. டெபாசிட்டைக் குழு பெயருக்கு மாற்ற நாங்கள் ரெண்டு பேரும் பேங்குக்குப் போனோம். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து நான் எழுந்தேன், அவள் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து நாங்கள் கொடுத்த பணத்தை எடுத்து கவுண்டரில் வைத்தாள்.

“இது என் பேர்ல ஒரு டெபாசிட்டு. என் சொந்தப் பணம்.”

அங்கிருந்த பெண் எண்ணிப் பார்த்துவிட்டு, “சின்னத் தொகைதாம்மா. இதோட வட்டிக்கு நாங்க வரி எதுவும் பிடிக்க மாட்டோம், கவலைப்படாதீங்க,” என்றாள்.

ஊசியின் முகம் வாடிவிட்டது.

“கொஞ்சங்கூடவா பிடிக்க மாட்டீங்க?” என்று கேட்டாள்.