என்னிடம் கேட்க வேண்டாம் என்று எழுதிய மெயில்

பிள்ளைகளே, அப்பாவின் வலது கண் பார்வையில் கறுப்புத் திரை விழுந்த வாரத்தை நீங்கள் ஆஸ்பத்திரியோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள். நான் அந்த வாரத்தை ஒரு மெயிலோடு சேர்த்து நினைக்கிறேன்.

கருங்கல்லில் நான் மேற்பார்வை பார்த்த வத்தல் கம்பெனியில் ஏத்தங்காயை, அதாவது நேந்திரன் வாழைக்காயைச் சீவி, எண்ணெயில் பொரித்து, பெட்டி கட்டித் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவோம். ஓணம்தான் எங்களுக்கு ஆண்டின் பெரிய ஆர்டர். முந்தைய ஓணத்தில் அதில் முப்பது பெட்டி குறைந்துபோயிற்று. காரணம் நான் எழுதிய மெயில். காய் வாங்கும் பொறுப்பில் இருந்த பெண்ணுக்கு, “ஓணத்துக்குக் காய் வேண்டும். பார்த்துச் செய்யவும்” என்று எழுதி, மரியாதைக்காக இன்னும் நான்கு பேருக்கு நகல் அனுப்பியிருந்தேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் எழுதுவோம். மேலே இருப்பவர் முடிவைச் சொல்வார் என்று கீழே இருப்பவர் காத்திருப்பார். அவளும் காத்திருந்தாள். “குலை பழுக்க ஆரம்பிச்சிருக்கு, எடுக்கவா?” என்று அவள் கேட்ட பதில் மெயிலை ஐந்து பேரும் படித்தோம். மற்றவர் பதில் சொல்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டோம். பழுக்கத் தொடங்கிய காயில் இனிப்பு ஏறிவிடும். பொரித்தால் சிவந்து கருகும். அதைத்தான் பொரித்தோம், முப்பது பெட்டி கழிவாகப் போயிற்று.

இந்த ஓணமும் தவறினால் வேறு இடம் பார்ப்போம் என்று திருவனந்தபுரத்தில் வாங்குபவர் சொல்லிவிட்டார். அவர் போனால் பொரிப்புக் கொட்டகையில் நிற்கும் பன்னிரண்டு பெண்களுக்கும் வேலை இல்லை.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, “விழித்திரை விலகியிருக்கு. திங்கள்கிழமையே ஆபரேஷன். அப்புறம் சில நாள் தலையைக் கவிழ்த்தே இருக்கணும். போனைப் பார்க்கவே கூடாது” என்றார். அடுத்த வெள்ளி மதியத்துக்குள் லாரி கிளம்ப வேண்டும்.

நேரே முதலாளியிடம் போனேன். “காயை எடுக்கதும் தள்ளுததும் காய் வாங்குதவ முடிவுன்னு எழுதப் போறேன், முதலாளி. உங்க மச்சான் தோட்டத்துக் காயும் அதில சேரும்.”

எங்கள் கம்பெனியில் அந்தத் தோட்டத்துக் குலைக்கு யாரும் குறை சொன்னதில்லை. மற்றவர் குலையைத் தட்டிப் பார்ப்பார்கள். அவருடையதை எண்ணி இறக்குவார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“என்னவே, வீட்டுக்குள்ள எனக்குச் சண்டை இழுத்து விடுதீரே.”

“லாரி நிறையாம போனா அதைவிடப் பெரிய சண்டை வரும், முதலாளி.”

“எழுதும். எனக்கும் ஒரு நகல் போடும். வேற யாருக்கும் வேண்டாம்.”

அன்று மாலை இடது கண்ணால் பார்த்து, ஒற்றை விரலால் தட்டி எழுதினேன். உங்கள் அம்மா பக்கத்தில் இருந்து பிழை திருத்தினாள். மெயில் இதுதான்:

“தங்கச்சி, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நூற்றைம்பது பெட்டி வத்தல் லாரியில் ஏறியிருக்க வேண்டும். எல்லாம் மஞ்சள் நிறம், ஒன்றும் சிவந்திருக்கக் கூடாது. பொரிக்க ஒன்றரை நாள் வேண்டும் என்பதால் புதன் சாயங்காலத்துக்குள் காய் முழுதும் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். எந்தச் சந்தையில் வாங்குவது, எந்தக் குலையைத் தள்ளுவது என்பது உன் முடிவு. என்னிடம் கேட்க வேண்டாம். முதலாளி மச்சான் தோட்டத்துக் குலையும் இதில் அடக்கம், முதலாளி சம்மதித்துவிட்டார். நூற்றைம்பதில் ஒரு பெட்டி குறையும் என்று தோன்றினாலும் அது உன் முடிவு அல்ல, உடனே முதலாளியைக் கூப்பிடு. செவ்வாய் காலை பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய். எவ்வளவு வந்தது, எவ்வளவு குறைகிறது, குறைவுக்கு என்ன செய்கிறாய், இது மூன்றும் சொன்னால் போதும். படித்ததும், நீ புரிந்துகொண்டதை உன் வார்த்தையில் எழுதி அனுப்பு.”

பதில் வரவில்லை, போன் வந்தது.

“அண்ணே, இது நீங்க எழுதினதா, மயக்க மருந்து எழுதினதா?”

“மருந்து திங்கக்கெழமைதாம்மா.”

“முதலாளி மச்சான் குலையைத் தள்ளினா அவரு என்னை உயிரோட விடுவாரா?”

“அதுக்குத்தான் முதலாளிக்கு நகல் போட்டிருக்கேன். உன் வார்த்தையில எழுதி அனுப்பு.”

அனுப்பினாள். புதன்கிழமை என்பதை வியாழன் என்று எழுதியிருந்தாள். திருத்தி அனுப்பினேன். அந்த ஒரு நாள் பிழை அப்போதே தெரிந்தது என் அதிர்ஷ்டம்.

ஆபரேஷன் முடிந்து, செவ்வாய் பதினொன்றுக்கு நான் ஆஸ்பத்திரியில் மேசைமேல் நெற்றி ஊன்றிக் கவிழ்ந்து கிடந்தேன். உங்கள் அம்மா போனை என் காதில் பிடித்தாள்.

“அண்ணே, தொண்ணூறு பெட்டிக்குக் காய் வந்தாச்சு. அறுபதுக்குக் குறையுது. மச்சான் லோடு காலைல வந்துது. காம்பு பக்கம் மஞ்சள் ஓடி, பழுக்க ஆரம்பிச்சிருக்கு. அப்படியே திருப்பிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘ஏட்டி, நீ யாருட்டி என் குலையைத் தள்ளுததுக்கு’ன்னாரு. போன்ல மெயிலைக் காட்டினேன். அவரு முதலாளிக்குப் போன் போட்டாரு. முதலாளி, ‘எழுதினபடிதாம்ல நடக்கும், வண்டியைத் திருப்பு’ன்னுட்டாரு. குறைவுக்கு நான் இன்னைக்கே வடசேரிச் சந்தைக்குப் போறேன்.”

என் நாக்கு நுனியில் ஒரு வியாபாரியின் பெயர் நின்றது. அவரிடம் வாங்கு என்று சொல்லியிருப்பேன். சொன்னால் அவள் வேறு நல்ல காயைப் பார்த்தாலும் மறுபடி என்னைத்தான் கேட்பாள். நானோ கவிழ்ந்து கிடப்பேன். அதை விழுங்கிக்கொண்டு, “சரிம்மா” என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகளே, வேலையை ஒப்படைப்பதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது எழுதியதல்ல, அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியதுதான்.

புதனும் வியாழனும் போன் வரவில்லை. “கூப்பிட்டுப் பார்க்கவா?” என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒரு பெட்டி குறைந்தாலும் முதலாளிக்குத் தெரியும் என்பது மெயிலிலேயே இருந்தது. மௌனம் என்றால் வேலை நடக்கிறது என்று பொருள். அப்படி நம்பினாலும் இரண்டு நாளும் மணி என்ன என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வெள்ளி பதினொன்றே முக்காலுக்கு அம்மாவின் போனில் மெயில் வந்தது. அவள் உரக்கப் படித்தாள்: “நூற்றைம்பது பெட்டி ஏறியது. எல்லாம் மஞ்சள். வடசேரிக் காய் புதன் நாலு மணிக்கே வந்துவிட்டது. முதலாளி நேரில் வந்து ஐந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். அப்புறம் ஒரு பொட்டலத்தை முழுசாகத் தின்றுவிட்டார்.”

உடனே அவளே போன் செய்தாள். பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. பன்னிரண்டு பெண்களும் ஒன்றாகக் கத்தினார்கள். அதில் ஒரு குரல், “அண்ணே, அடுத்த ஓணத்துக்கும் இதே அடுப்புலதான் நிப்போம், கேட்டியளா!” என்றது. நான் கவிழ்ந்தபடியே சிரித்தேன். தோள் குலுங்கிற்று. நர்ஸ் ஓடி வந்து, “தலையை அசைக்காதீங்க!” என்று அதட்டினாள். தலையை அசைக்காமல் சிரிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அன்று கற்றுக்கொண்டேன்.